‘புதுசா ஆரம்பி’ என்று எந்தப் பாடத்துக்குச் சொல்வது?

“என் வீட்டுக்காரர் தேயிலையில் கவாத்து வெட்டுகிறவர். என் மகன் ஒன்பதாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தவறிவிட்டான். ஜூன் மாதம் மறுபடியும் அதே வகுப்பு. கூடப் படித்தவர்கள் பத்தாவது போகிறார்கள். என் கொழுந்தனார் மகள் எட்டாவது முடித்து இவன் வகுப்புக்கே வருகிறாள். மனசு தேறட்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வாசகங்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ‘தோல்வியே வெற்றியின் முதல் படி’, ‘என்னால் முடியும்’, ‘இன்று புதிதாய்ப் பிறந்தோம்’ என்றெல்லாம். மறுநாளே கிழித்துவிட்டான். இந்த வருஷத்தை அவன் புதுத் தொடக்கமாக நினைக்க வேண்டும். தினம் ஒன்றாகச் சொல்ல நல்ல வாசகங்கள் தருவீர்களா?”
– ஒரு தாய், கோத்தகிரி அருகே

அன்புள்ள சகோதரிக்கு,

வாசகங்கள் தருகிறேன். ஆனால் அவன் கிழித்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘என்னால் முடியும்’ என்ற அட்டையை ஒரு பையன் தினமும் படுத்தபடி பார்க்கிறான். பார்க்கும்போதெல்லாம் அவன் மனசு, ‘முடியலையே, மார்க் ஷீட் வந்திருச்சே’ என்று பதில் சொல்கிறது. அப்படி நாளுக்குப் பத்து முறை தன் தோல்வியைத் தானே வாதாடி நிரூபித்துக்கொள்கிறான். இதைக் கனடாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2009இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களிடம் ‘நான் அன்புக்குரியவன்’ என்ற மாதிரி ஒரு வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களுடையதைவிடக் கீழே போனது. ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவியது. ஆக, நம்பிக்கை வாசகம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குத்துகிறது. சுவர் வெறுமையாகவே இருக்கட்டும்.

ஆறுதலுக்காகச் சொல்கிற இன்னொரு வகையும் உண்டு. ‘விடுப்பா, எல்லாருக்குமா கணக்கு வரும்? உனக்குத் தமிழ் நல்லா வருதில்ல?’ பாசத்தில் வருகிற பேச்சுதான். பையன் காதில் அது ‘உனக்குக் கணக்கு வராது’ என்று விழும். 2012இல் அனீதா ராட்டன், கேத்தரின் குட், கேரல் ட்வெக் மூவரும் இதை ஆராய்ந்தார்கள். ஆசிரியரிடமிருந்து இப்படிப்பட்ட ஆறுதலைப் பெறுவதாகக் கற்பனை செய்துகொண்ட மாணவர்களுக்கு ஊக்கம் குறைந்தது. தங்களுக்குக் குறைந்த மார்க்தான் வரும் என்றும் அவர்களே எதிர்பார்த்தார்கள். ‘இப்படிப் படிச்சுப் பார்’ என்று வழி காட்டப்பட்டவர்களிடம் அது இல்லை.

அப்புறம் ஐன்ஸ்டீன் கதை. ‘ஐன்ஸ்டீனே கணக்குல ஃபெயில்’ என்று உங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது பொய். பதினைந்து வயதுக்குள் நுண்கணிதமே கற்றுத் தேறியவர் அவர். ஆனால் உண்மையில் நடந்தது உங்கள் மகனுக்கு இன்னும் பொருத்தமானது. 1895இல், பதினாறு வயதில், சூரிக் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வு எழுதினார். கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாகச் செய்தார், மற்ற பாடங்கள் போதாமல் இடம் கிடைக்கவில்லை. ஆராவ் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய் ஒரு வருஷம் படித்துவிட்டு, 1896இல் அதே பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். கதை சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள். மேதைகூடத் தோற்றார் என்ற பெருமைக்காக வேண்டாம். எந்தப் பாடம் குறைந்ததோ அதற்காக ஒரு வருஷம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார் என்ற தகவலுக்காகச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட புதுத் தொடக்கம்.

அதற்கு நிஜமாகவே ஒரு பலம் இருக்கிறது. ஹெங்சென் டை, கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் என்ற மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், புதுப் பருவம், பிறந்தநாள் முடிந்த கையோடு மனிதர்கள் உடற்பயிற்சிக்குப் போவதும் புதிய இலக்கு வைப்பதும் கூடுகிறது என்று கண்டார்கள். பழைய தவறுகள் எல்லாம் ‘அந்த ஆள்’ செய்தவை, நான் வேறு ஆள் என்று மனசு ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. ஆனால் அந்தப் பலம் சீக்கிரம் வடிந்துவிடும். ஜூன் மாத உற்சாகம் ஜூலை மழையில் நிற்காது. அதனால் ‘இந்த வருஷம் புதுசு’ என்று ஒரே தடவை பெரிதாகச் சொல்லி எல்லாவற்றையும் அதில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும், ஒவ்வொரு புது அத்தியாயமும், காலாண்டுத் தேர்வுக்கு அடுத்த நாளும் தொடங்குவதற்கான நாள்தான்.

இதைவிட முக்கியமாக ஒன்று. அதே டை 2018இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். அதுவரை எடுத்த மார்க்கை அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொன்னால், அதுவரை மோசமாகச் செய்தவர்களுக்கு ஊக்கம் கூடுகிறது. அதுவரை நன்றாகச் செய்தவர்களுக்கோ ஊக்கம் குறைகிறது. சேர்த்ததெல்லாம் போயிற்றே என்று ஆகிவிடுகிறது. உங்கள் மகன் தவறியது இரண்டு பாடத்தில். மற்ற மூன்றில் தேறியிருக்கிறான். அவனைப் பார்த்து, ‘எல்லாத்தையும் மறந்துட்டு முதல்ல இருந்து ஆரம்பி’ என்றால், கணக்குக்கு அது மருந்து, தமிழுக்கு அது அடி. தேறிய பாடத்தையும் நாமே பிடுங்கிக்கொள்கிறோம். உங்கள் வீட்டுக்காரர் தேயிலையில் கவாத்து வெட்டுகிறவர்தானே, அவருக்கு இது சொல்லாமலே புரியும். கவாத்து என்றால் கிளையைத்தான் வெட்டுகிறோம், வேரைத் தோண்டுவதில்லை.

எனவே முதல் வாசகம் இரண்டு பாதியாக இருக்கட்டும்: “கணக்கும் அறிவியலும் இந்த வருஷம் புதுசு. தமிழும் இங்கிலீஷும் சமூக அறிவியலும் விட்ட இடத்துல இருந்து.” கூடவே ஒரு வேலையும் செய்யுங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் மட்டும் புது நோட்டு வாங்குங்கள். மற்ற மூன்றுக்கும் போன வருஷ நோட்டு பத்திரமாக இருக்கட்டும், புரட்டிப் பார்க்க உதவும்.

இந்த மாதிரி வாசகம் எப்படி வேலை செய்யும் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கூடலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதாவதையே இரண்டாம் முறை படிக்க வந்தவள். கணக்கில் நூற்றுக்கு 24. அவள் அம்மாவும் உங்களைப் போலவே நல்ல வாசகம் கேட்டார். நான் விடைத்தாளைக் கேட்டேன். பள்ளியில் ஆசிரியரிடம் பொறுமையாகக் கேட்டால் பார்க்கவாவது விடுவார்கள்.

அவர்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்பு அமைப்பிலேயே கணக்குத் தாள் வைக்கிறார்கள். ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் கேள்வி பத்து, ஐந்து மார்க் கேள்வி பத்து, கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டெட்டு மார்க். அவளுக்கு ஒரு மார்க்கில் 8, இரண்டு மார்க்கில் 8, ஐந்து மார்க்கில் 8. கடைசிப் பகுதியில் பூஜ்யம், அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். போன ஜூலையில் மஞ்சள்காமாலையில் பள்ளிக்கு வராத நாட்களில்தான் முக்கோணத்தின் நடுக்கோட்டு மையம் வரைவதை நடத்தியிருக்கிறார்கள். அதன் பிறகு காம்பஸ் எடுக்கச் சொன்னாலே பயம்.

தேற வேண்டியது 35. குறைந்தது 11 மார்க். தொடாமல் விட்டது 16. அவளுக்கு நாங்கள் உருவாக்கிய வாசகம் இது: “நீ தொடாம விட்டதுல பதினாறு மார்க் இருக்கு. தொட்டுப் பாத்துட்டு அப்புறம் வருமா வராதான்னு பேசலாம்.” சுவரில் ஒட்ட லாயக்கில்லாத வரிதான். ஆனால் அவள் மனசால் இதற்கு எதிர்வாதம் செய்ய முடியவில்லை, ஏனென்றால் விடைத்தாளிலேயே இருக்கிறது. வரைய ஆரம்பித்த பிறகு அவள் பாட்டி ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்தப் பழமொழி அங்கே சரியாக உட்கார்ந்தது. கையில் காம்பஸ் இருக்கிறது, போன வாரம் வரைந்த முக்கோணம் பக்கத்தில் இருக்கிறது, இந்த வாரம் வரைந்தது அதைவிட நேராக இருக்கிறது. பழமொழிக்குச் சாட்சி கண் முன்னால் இருந்தால் பிள்ளைகள் அதைக் கிண்டல் செய்வதில்லை. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பதையும் இப்படியே, ஏதாவது கொஞ்சம் தேய்ந்த பிறகு சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் சொன்னால் அது வெறும் உபதேசம்.

காலாண்டுத் தேர்வில் அவளுக்கு 33 வந்தது. இரண்டாம் முறை படித்தும் ஃபெயில். திரும்பப் படிக்கிற பிள்ளைக்கு வருஷத்தில் மிக ஆபத்தான நாள் இதுதான், பள்ளி திறக்கும் நாளைவிட ஆபத்தானது. ‘பரவாயில்லை, அடுத்த தடவை பாத்துக்கலாம்’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். அவள் அம்மாவிடம் வேறு மாதிரிச் சொல்லச் சொல்லியிருந்தேன். விடைத்தாளை வைத்துக்கொண்டு சொன்னார்: “முப்பத்துமூணு ஃபெயில்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா போன வருஷம் சைபர் வாங்கின இடத்துல இப்ப பதினொன்னு வாங்கியிருக்க. அடுத்து அஞ்சு மார்க் கேள்வியைப் பாப்போம்.” முதலில் உண்மையை ஒப்புக்கொள்வது, அடுத்து தாளில் காட்டக்கூடிய ஒரு மாற்றம், கடைசியாக இன்று செய்யப்போகும் வேலை. இந்த வரிசை மாறக் கூடாது. ஆறுதலை முன்னால் வைத்தால், சமாளிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஐந்து மார்க் கணக்குகளில் அவள் சறுக்கியது குறை எண்களின் கூட்டல் கழித்தலில் என்று பிறகு தெரிந்தது. அது ஏழாம் வகுப்புப் பாடம். அங்கே போய்த் தொடங்கினாள். அரையாண்டில் 41 வந்தது, முழு ஆண்டுத் தேர்வில் தேறினாள். பெரிய மார்க் இல்லை, அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை.

உங்கள் மகனுக்கும் கணக்குத் தாளையும் அறிவியல் தாளையும் வாங்கிப் பாருங்கள். மார்க் எங்கே போயிற்று, எங்கே தொடவே இல்லை, எங்கே தொட்டுத் தவறினான் என்று அவனையே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அவனுக்கான வாசகம் அங்கே இருக்கிறது, என்னிடம் இல்லை. கேள்வியையே தப்பாக வாசித்திருக்கிறான், எழுத்துகள் இடம் மாறுகின்றன, தமிழ்ப் பாடத்தைக்கூட வாய்விட்டுப் படிக்கத் திணறுகிறான் என்று தெரிந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதற்கு ஊக்க வாசகம் எதுவும் செய்யாது.

திரும்பப் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு கண்ணி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன், ஜூலையில் ஆசிரியர் நடத்துவதெல்லாம் ஏற்கெனவே கேட்டது. பையனுக்கு ‘இது தெரியும்’ என்று தோன்றும். வகுப்பில் கவனம் போய்விடும். பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் எழுத வருவது வேறு. போன வருஷமும் அவனுக்குப் பார்த்தால் தெரிந்துதான் இருந்திருக்கும். இதற்கு அதட்டல் வேண்டாம். “தெரியும்னா ரொம்ப நல்லது, புக்கை மூடிட்டு எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அடுப்படியில் வேலை செய்தபடியே கேட்கலாம். சொல்லும்போது எங்கே நிற்கிறான் என்று அவனுக்கே தெரியும். அந்த இடத்தில் புத்தகத்தைத் திறக்கட்டும். ஆரம்ப மாதங்களில் இது தினமும் ஒரு பாடத்துக்கு நடந்தாலே போதும்.

எவ்வளவு சொல்வது என்று கேட்டால், குறைவாக. தினம் ஒன்று வேண்டாம். வாரத்துக்கு ஒரு வரி, திங்கட்கிழமை காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தோடு அவசரமாக. உட்காரவைத்துச் சொன்னால் அது கூட்டம் போட்டுப் பேசுவதாகிவிடும். அப்பா வாரத்தில் ஒரு நாள் பச்சை இலை எடை போட அவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும், படிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல். வீட்டில் எல்லாருடைய பேச்சும் ஃபெயிலைச் சுற்றியே இருந்தால், எத்தனை நல்ல வாக்கியம் சொன்னாலும் அவன் அந்த வீட்டில் ‘ஃபெயிலான பையன்’தான்.

சில நாட்கள் முகம் வாடியிருப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், நண்பர்களை அடியோடு தவிர்த்தால், ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற மாதிரி ஒரே ஒரு தடவை சொன்னாலும், வாசகம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, மனசில் இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். அன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ 104-ஐயோ கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கூட்டிப் போகலாம்.

கடைசியாக உங்கள் கொழுந்தனார் மகள். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்தாலும், பையனை அதிகம் அரிப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்றுவரை அண்ணா, நாளை வகுப்புத் தோழன். பள்ளி திறக்கும் முன் நீங்களும் உங்கள் ஓரகத்தியும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மார்க்கையும் எந்த வீட்டிலும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். அவளிடம் பாடம் கேட்டுக்கொள் என்று அவனிடம் சொல்லாதீர்கள், குறைந்தது காலாண்டு வரைக்கும். வேண்டுமென்றால் அவர்களே கேட்டுக்கொள்வார்கள். முடிந்தால் வேறு பிரிவில் போடும்படி தலைமையாசிரியரிடம் கேட்கலாம், ஆனால் அவனைக் கேட்காமல் கேட்காதீர்கள். சில பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் ஒன்று வகுப்பில் இருப்பதே தெம்பு.

கல்யாண வீட்டிலும் சந்தையிலும் ‘என்ன, பத்தாவதா?’ என்று கேட்பவர்களுக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். அவன் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கட்டும். அவனே வார்த்தைகளைத் தேர்ந்தெடுக்கட்டும். குன்னூரில் என்னிடம் வந்த ஒரு பையன் வைத்துக்கொண்டது: “ஒன்பதாவதுதான் மாமா. கணக்குல கொஞ்சம் பாக்கி இருந்துச்சு, முடிச்சுட்டு வர்றேன்.” கண்ணாடி முன் நின்று சிரிக்காமல் சொல்லும்வரை ஒத்திகை பார்த்தானாம். அவன் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் நின்று, ‘ஆமாங்க, இந்தத் தடவை நல்லாப் பண்ணிருவான்’ என்று சேர்க்காமல் இருந்தால் சரி.